ஏலத்தில் 6 லட்சம் என்றால் வீட்டுக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் வளவு வீட்டில் பெரிய தஞ்சாவூர்ப் படம் ஒன்று இருக்கிறது, ராமர் பட்டாபிஷேகம். நாலு புள்ளிக்கு, அதாவது நாலு பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்து 3 லட்சம் தருகிறேன் என்கிறார். ஏல நிறுவனமோ 4 முதல் 6 லட்சம் வரை மதிப்புப் போட்டு ஒப்பந்தத் தாள் அனுப்பியிருக்கிறது. அதில் விற்பவர் கமிஷன் 10 சதவீதம், இன்சூரன்ஸ் 1 சதவீதம், போட்டோ செலவு 5,000 ரூபாய், பையர்ஸ் பிரீமியம் 20 சதவீதம் என்று இருக்கிறது. போன ஏலத்தில் இதே மாதிரி படம் 6 லட்சத்துக்குப் போனதாக அவர்கள் இணையதளத்தில் பார்த்தோம். அதனால் ரிசர்வ் 6 லட்சம் வைக்கலாமா? ஹேமர் பிரைஸ், ரிசர்வ், பிரீமியம் இதெல்லாம் என்ன? எங்கள் கைக்கு எவ்வளவு வரும்?

பதில்: 6 லட்சம் வைக்காதீர்கள். அந்தப் படத்தை விற்றவருக்கு 6 லட்சம் போயிருக்காது. உங்கள் தாளில் உள்ள விகிதமே அவருக்கும் என்றால் 4 லட்சத்து 16 ஆயிரம்தான் போயிருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் ரிசர்வ் எவ்வளவு வைப்பது என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டும்போது எந்தத் தொகையில் நிற்கிறதோ அதுதான் ஹேமர் பிரைஸ். நம் ஊர்க் கோவில் ஏலத்தில் கணக்கு அதோடு முடிந்துவிடும். எலுமிச்சம்பழத்தை ஒருவர் எவ்வளவுக்குக் கேட்டாரோ அதைக் கட்டுவார், அது முழுவதும் கோவிலுக்குப் போகும். ஏல நிறுவனத்தில் அப்படி இல்லை. சுத்தியல் விழுந்த தொகைக்கு மேலே ஒரு கூட்டல் நடக்கும், கீழே ஒரு கழித்தல் நடக்கும். மேலே கூட்டுவது வாங்குபவர் கொடுக்கும் பையர்ஸ் பிரீமியம். கீழே கழிப்பது உங்களிடம் பிடிக்கும் கமிஷனும் செலவுகளும். இரண்டும் நிறுவனத்துக்குத்தான் போகின்றன. பிரீமியத்தில் ஒரு ரூபாய்கூட விற்பவருக்குக் கிடையாது.

நீங்கள் இணையதளத்தில் பார்த்த 6 லட்சம், பிரீமியம் சேர்த்த தொகையாகத்தான் இருக்கும். ஏலம் முடிந்த பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் இப்படிச் சேர்த்துத்தான் போடுவார்கள். ஏலத்துக்கு முன்னால் போடும் மதிப்போ ஹேமர் பிரைஸை வைத்துச் சொல்வது, அதில் பிரீமியம் சேராது. ஒரே பக்கத்தில் மதிப்பு 4 முதல் 6 லட்சம், விற்றது 6 லட்சம் என்று இருந்தால், மதிப்பின் உச்சிக்கே போய்விட்டது என்று தோன்றும். ஆனால் 6 லட்சத்தை 1.20 ஆல் வகுத்தால் 5 லட்சம். சுத்தியல் விழுந்தது அங்கேதான், மதிப்பின் நடுவில். இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் ரிசர்வ் பேசப் போகாதீர்கள். விலைக்குக் கீழே பிரீமியம் உட்பட என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இனி அந்த 5 லட்சத்திலிருந்து கீழே இறங்குவோம். கமிஷன் 10 சதவீதம், 50,000. கமிஷன் என்பது நிறுவனம் உங்களுக்குச் செய்யும் சேவைக்கான கட்டணம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 9,000. இன்சூரன்ஸ் 1 சதவீதம், 5,000. போட்டோ 5,000. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு, கண்ணாடி போட்ட பெரிய படத்துக்கு மரப்பெட்டி அடித்துத் தனி வண்டியில் அனுப்ப 15,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 84,000 போக மிச்சம் 4,16,000. போட்டோ, இன்சூரன்ஸ் தொகைகளை நான் வரி உட்பட என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தாளில் வரி தனி என்றால் இன்னும் கொஞ்சம் குறையும்.

நிறுவனத்துக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். வாங்குபவரிடம் பிரீமியம் 1 லட்சம், உங்களிடம் கமிஷன் 50,000. அவர்களுடைய பெரிய வருமானம் வாங்குபவர் பக்கம்தான். அதனால்தான் விற்பவர் கமிஷனில் பேரம் பேச இடம் இருக்கிறது, பிரீமியத்தில் இல்லை. பிரீமியம் அந்த ஏலத்தில் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி அச்சில் ஏறிவிட்ட விகிதம். கமிஷனோ ஒவ்வொரு விற்பவரிடமும் தனித்தனியாகப் போடும் ஒப்பந்தம். நல்ல படம், அவர்களே தேடி வந்து கேட்டது என்றால் 10-ஐ 7 ஆக்குங்கள், போட்டோ செலவை விட்டுவிடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இந்த ஏற்பாடு ரொம்பப் பழையதும் இல்லை. லண்டனில் கிறிஸ்டீஸும் சோதபீஸும் 1975-இல்தான் வாங்குபவரிடம் 10 சதவீதம் வாங்க ஆரம்பித்தார்கள்.

வாங்குபவர்தானே பிரீமியம் கொடுக்கிறார், நமக்கென்ன என்று விட்டுவிடவும் முடியாது. ஏலத்துக்கு வருகிறவர் தன் பையில் இருப்பதை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போடுவார். அவரிடம் மொத்தம் 5 லட்சம் இருக்கிறது, பிரீமியம் 20 சதவீதம், அந்தப் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 23.6 சதவீதம் கூடுதல். 5 லட்சத்தை 1.236 ஆல் வகுத்தால் 4 லட்சத்து 4 ஆயிரத்துச் சொச்சம். 4 லட்சத்துக்கு மேல் அவர் கை தூக்க மாட்டார். பொருளின் மேலேயும் ஜிஎஸ்டி உண்டு என்றால் அதற்கும் கீழேயே நின்றுவிடுவார். இரண்டு நிறுவனங்களின் தாளை ஒப்பிடும்போது உங்கள் கமிஷனை மட்டும் பார்க்காமல் அவர்கள் பிரீமியம் எவ்வளவு என்றும் பாருங்கள். கமிஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிரீமியம் கூடுதலாக வைத்திருக்கும் இடத்தில் சுத்தியல் சீக்கிரமே விழுந்துவிடும்.

இப்போது ரிசர்வ். இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று நீங்களும் நிறுவனமும் எழுத்தில் ஒத்துக்கொள்ளும் தொகை அது. வெளியே சொல்ல மாட்டார்கள். இதை ஒப்பிட்டுப் பார்ப்பது ஹேமர் பிரைஸோடு மட்டும். பிரீமியம் சேர்த்த தொகையோடும் இல்லை, உங்கள் கைக்கு வரும் தொகையோடும் இல்லை. நீங்கள் 6 லட்சம் ரிசர்வ் வைத்தால் வாங்குபவர் பிரீமியத்தோடு 7 லட்சத்து 20 ஆயிரம் கொடுக்க வேண்டும், வரி தனி. போன ஏலத்தில் இதே மாதிரி படத்துக்குக் கொடுத்ததைவிட 1 லட்சத்து 20 ஆயிரம் கூடுதலாக ஒருவர் கொடுத்தால்தான் உங்கள் படம் விற்கவே விற்கும். நிறுவனமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. மதிப்பின் கீழ்த் தொகைக்கு மேலே ரிசர்வ் வைப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் பொது வழக்கம். உங்களுக்கு அந்த மேல்வரம்பு 4 லட்சம்.

அப்படியானால் எவ்வளவு வைப்பது? உங்களிடம் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று வியாபாரி கேட்ட 3 லட்சம். செலவில்லை, காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பணம். ஏலத்தில் எல்லாம் போக அதைவிடக் குறைந்து வரக் கூடாது. விகிதமாகப் போவது கமிஷன் 10, அதன் ஜிஎஸ்டி 1.8, இன்சூரன்ஸ் 1, ஆக 12.8 சதவீதம். விலை எதுவானாலும் மாறாத செலவு 20,000. கணக்கு இப்படி வரும்:

```
(3,00,000 + 20,000) ÷ (1 − 0.128) = 3,66,972
```

இந்த எண்ணை அப்படியே ரிசர்வாக எழுத வேண்டாம். ஏலம் படிப்படியாகத்தான் ஏறும். இந்த விலையில் படி 25,000 என்றால் 3,50,000-க்கு அடுத்தது 3,75,000. இடையில் இருக்கும் தொகையை யாரும் சொல்லப் போவதில்லை, ஆகவே 3,75,000 என்றே எழுதுங்கள். அதில் 12.8 சதவீதம் 48,000, மாறாத செலவு 20,000, கையில் 3,07,000. வியாபாரி விலைக்குக் கீழே போகவில்லை, மதிப்பின் கீழ்த் தொகையான 4 லட்சத்தையும் தாண்டவில்லை. நான் உங்களுக்குச் சொல்லும் ரிசர்வ் இதுதான்.

மதிப்பே 3 முதல் 4 லட்சம் என்று வந்திருந்தால் ரிசர்வ் 3 லட்சத்தைத் தாண்டாது. 3 லட்சத்தில் விற்றால் கைக்கு 2,41,600. அந்த நிலையில் வியாபாரியிடமே கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். எல்லாப் பொருளும் ஏலத்துக்குப் போக வேண்டும் என்று இல்லை. எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, மரச் சட்டங்கள் மாதிரியான சின்ன சாமான்களில் மாறாத செலவே விலையைத் தின்றுவிடும். அவற்றுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவே போதும்.

ஏல மேடையில் ரிசர்வ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு சந்தேகம் வராது. உங்கள் படத்துக்கு நிஜமாகவே ஒருவர்தான் ஆசைப்படுகிறார் என்று வையுங்கள். ஏலம் விடுபவர் 2,50,000-இல் தானே தொடங்குவார். ஆசைப்பட்டவர் 2,75,000. எதிரே ஆள் இல்லாவிட்டாலும் ஏலம் விடுபவர் உங்கள் சார்பாக 3,00,000 என்பார். அவர் 3,25,000. இவர் 3,50,000. அவர் 3,75,000 என்றதும் ரிசர்வ் தொட்டுவிட்டது. இனி உங்கள் சார்பாகக் கேட்க இவருக்கு உரிமை இல்லை. வேறு ஆள் இல்லையென்றால் மூணு தரம், சுத்தியல். ஒரே ஆளை வைத்துக்கொண்டு ரிசர்வ் வரை ஏற்ற முடிவது இப்படித்தான். அந்த ஆள் 3,25,000-இல் நின்றுவிட்டால், இவர் சொன்ன 3,50,000-க்கு மேல் யாரும் கேட்காமல், பொருள் விற்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

இது திருட்டு வேலை இல்லை, விதிகளில் அறிவித்துவிட்டுச் செய்வது. நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றிப் பேசுகிறது. விற்பவர் சார்பில் கேட்கும் உரிமை உண்டு என்று வெளிப்படையாக அறிவித்திருந்தால்தான் அப்படிக் கேட்கலாம். அறிவிக்காமல் விற்பவர் தானே கேட்பதோ ஆள் வைத்துக் கேட்பதோ கூடாது. விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்டது தெரிந்தால் வாங்கினவர் விற்பனையையே ரத்து செய்யலாம். மச்சானை ஆன்லைனில் உட்கார வைத்து ரெண்டு தடவை கேட்கச் சொல்லலாம் என்று குடும்பத்தில் யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, ஏலம் மச்சான் தலையில் விழுந்துவிட்டால் உங்கள் படத்துக்கு நீங்களே பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும்.

ரிசர்வ் கூடுதலாக வைப்பதால் என்ன நஷ்டம், விற்காவிட்டால் படம் நம்மிடமே இருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். நஷ்டம் உண்டு. போட்டோ 5,000, சென்னைக்குப் போக 15,000, திரும்பி வர 15,000. விற்காத பொருளுக்கு ரிசர்வ் தொகையை வைத்து இன்சூரன்ஸ் பிடிக்கும் ஒப்பந்தங்களும் நிறைய, அதில் 3,750. ஆக 38,750 ரூபாய் செலவு செய்து படத்தைப் பட்டாலையில் பழைய ஆணியிலேயே மாட்டுவீர்கள். விற்கவில்லை என்பது இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கும். வாசலில் 3 லட்சம் சொன்ன வியாபாரியும் அதைப் பார்ப்பார், அடுத்த முறை 2 லட்சத்தில் தொடங்குவார். கூடவே, தாளில் விற்காத பொருளுக்குக் கட்டணம், இடையில் திரும்ப எடுத்தால் கட்டணம் என்று தனி வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளில் இன்னும் ஒரு வரியைத் தேடுங்கள். ரிசர்வுக்கு 10 சதவீதம் கீழே விற்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி விற்றாலும் ரிசர்வில் விற்றது போலவே உங்களுக்குப் பணம் தருவோம், குறைவது எங்கள் பொறுப்பு என்று சேர்த்து எழுதியிருந்தால் பயமில்லை. அது இல்லையென்றால் உங்கள் உண்மையான ரிசர்வ் 3,75,000 இல்லை, 3,37,500. கைக்கு 2,74,300-தான் வரும், வியாபாரி விலைக்குக் கீழே. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் ரிசர்வை 4 லட்சம் ஆக்குங்கள். அதில் 10 சதவீதம் குறைத்தால் 3,60,000, படிக் கணக்கில் அதற்கு அடுத்தது 3,75,000-தான்.

நடைமுறையில் அதிகம் தவறு நடப்பது ஏலத்துக்கு முந்தின வாரம். ஒரு போன் வரும். படம் இங்கே வந்த பிறகு நன்றாகப் பார்த்தோம், ரிசர்வைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்பார்கள். சில சமயம் அதில் நியாயமும் இருக்கும். வீட்டில் எடுத்த போட்டோவில் தெரியாத விஷயங்கள் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்ததும் தெரியும். பின்பக்கம் பலகையில் பூச்சி அரித்த துளைகள், துணிக்கும் பலகைக்கும் இடையே பசை விட்டு உப்பிய இடம், தங்க ரேக்குக்கு அடியில் பூசிய சுக்கான் மேடு உதிர்ந்து புதிதாகப் பூசிய இடம், பழைய தங்க ரேக்கின் மங்கிய நிறத்துக்கு நடுவே பளீரென்று நிற்கும் புது ரேக்கு. ராமர் முகத்தைப் பின்னால் யாராவது புதுப் பெயின்ட் வைத்துத் திருத்தியிருந்தால் மதிப்பு வெகுவாக இறங்கும். ஆகவே அனுப்புவதற்கு முன்னாலேயே பின்பக்கம், நாலு மூலை, முகங்கள், கல் பதித்த இடங்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்து அனுப்பி, அதைப் பார்த்த பிறகு போட்ட மதிப்பா என்று எழுதி வாங்குங்கள். படத்தை நீங்களாகத் துடைக்கவோ புதுச் சட்டம் போடவோ வேண்டாம்.

அப்படியும் போன் வந்தால் போனிலேயே சரி சொல்லாதீர்கள். என்ன பழுது என்று போட்டோவோடு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் புது ரிசர்வை மேலே சொன்ன கணக்கில் போட்டுக் கைக்கு என்ன வரும் என்று பாருங்கள். அந்த நிலையில் உங்கள் அளவுகோல் கொஞ்சம் மாறும். படம் ஏற்கெனவே சென்னையில் இருக்கிறது, வண்டிச் செலவும் போட்டோ செலவும் ஆகிவிட்டன. 3,50,000-க்கு இறக்கினால் கைக்கு 2,85,200. விற்காமல் திரும்பினால் செலவு 38 ஆயிரத்துக்கு மேல். வியாபாரி அப்போதும் 3 லட்சம் கொடுத்தாலும் மிஞ்சுவது 2,61,250-தான். பழுது உண்மையென்றால் ஒரு படி இறங்குவது சரி. பழுது எதுவும் காட்டாமல் சந்தை மந்தம் என்று மட்டும் சொன்னால் இறங்க வேண்டாம்.

லண்டன், நியூயார்க் ஏலத்தில் தஞ்சாவூர்ப் படம் எவ்வளவுக்குப் போனது என்று பார்த்து ரிசர்வ் யோசிக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் படத்தை வாங்கக்கூடியவர் இந்தியாவில் வைத்துக்கொள்பவர் மட்டும், விலையும் அந்த வட்டத்துக்குள்தான். அந்த வயதுள்ள ஓவியத்தை மத்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும், கைமாறினால் தெரிவிக்கவும் வேண்டும். பதிவுச் சான்று இல்லையென்றால் முதலில் அந்த வேலையை முடியுங்கள், ஏலத் தேதி அதற்குப் பிறகு. வரி விஷயத்தில் ஒன்று: ஓவியம் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் கணக்கில் வராது, விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு. நாலு பேரும் அவரவர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் சுத்தியல் விழுந்த அன்றைக்கு வராது. வாங்கினவர் முழுத் தொகையும் கட்டிய பிறகு, ஒப்பந்தத்தில் சொன்ன நாள் கழித்து வரும். அவர் கட்டாமல் போனால் நிறுவனம் தன் கையிலிருந்து கொடுக்குமா, விற்பனையை ரத்து செய்து படத்தைத் திருப்புமா, அப்போது செலவு யாருடையது என்பதும் தாளில் தெளிவாக இருக்கட்டும்.

கடைசியாக, பங்காளிகள். படம் எனக்குச் சொந்தம், வேறு யாருக்கும் உரிமை இல்லை என்று ஒப்பந்தத்தில் உறுதி கொடுப்பது கையெழுத்துப் போடுபவர். நாலு புள்ளிக்கும் பொதுவானதை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பி, ஏலம் முடிந்த பிறகு சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பங்காளி மறுத்தால் பணம் முடங்கிவிடும். நாலு பேர் கையெழுத்தும், யார் கணக்குக்குப் பணம் வர வேண்டும் என்பதும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அதில் கையெழுத்து வாங்கும்போது 6 லட்சம் என்ற எண்ணை வாயில் எடுக்காதீர்கள், ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒன்றரை லட்சம் என்று வகுத்து வைத்துக்கொள்வார்கள். ரிசர்வ் 3,75,000, அதில் விற்றால் கைக்கு 3,07,000, ஒரு புள்ளிக்கு 76,750, வரிக்கு முன் என்று எழுதிக் காட்டுங்கள். வியாபாரியிடம் கொடுத்தால் ஒரு புள்ளிக்கு 75,000 என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டையும் பார்த்த பிறகு நாலு பேரும் சரி என்றால் அனுப்புங்கள்.